புள்ளி வைத்தால் ஒருத்தர், எடுத்தால் வேறொருத்தரா? (214 சலான் காணாமல் போன கதை)

நூல்கண்டு, திருப்பூர் · 3 ஜூன், இரவு 10.40

ஜிமெயிலில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முகவரிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் என்னுடைய 214 சலான் எங்கே போனது?

எங்களுடையது சின்ன நிட்டிங் யூனிட். நூல் வரும், துணியாக ஓட்டிக் கொடுப்போம், போகும்போது டெலிவரி சலான் போட வேண்டும். முன்பெல்லாம் கார்பன் வைத்த புத்தகத்தில் எழுதினோம். ஏப்ரலில் இருந்து போனில் ஒரு பில்லிங் ஆப். போன வாரம் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது, புதிது வாங்கினேன். அதே ஆப்பை இறக்கினேன், 'கூகுள் மூலம் நுழைக' என்ற பட்டனை அழுத்தினேன், உள்ளே போனால் சுத்தமாகக் காலி. பார்ட்டி பெயர் ஒன்றுகூட இல்லை. "வாருங்கள், முதல் சலானைப் போடுவோம்" என்று வரவேற்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, சனிக்கிழமை பார்ட்டிக்குக் கணக்கு கொடுக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் தடவிப் பார்த்ததில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. சுயவிவரப் பக்கத்தில் முகவரி `k.nool@gmail.com` என்று இருக்கிறது (உண்மையான முகவரியைப் போடவில்லை, இப்படி வைத்துக்கொள்ளுங்கள்). நான் எங்கேயும் புள்ளி வைத்து எழுதுவதே இல்லை. விசிட்டிங் கார்டிலும் `knool@gmail.com` தான். புள்ளி எங்கிருந்து வந்தது? வந்தால்தான் என்ன, ஜிமெயிலுக்கு எல்லாம் ஒன்றுதானே?

மஞ்சள் மண்டி, ஈரோடு · 3 ஜூன், இரவு 11.05

போன் மாற்றினால் இப்படித்தான் ஆகுமுங்க. எனக்கும் வாட்ஸ்அப்பில் மூன்று வருடப் பேச்சு எல்லாம் போய்விட்டது, மஞ்சள் ஏலத்தில் எடுத்த போட்டோ உட்பட. கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு · 3 ஜூன், இரவு 11.20

பேக்கப் பிரச்சினை இல்லை அண்ணா, இந்த ஆப் எல்லாவற்றையும் அவர்கள் சர்வரில்தான் வைக்கிறது. போனில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் குழப்பம்.

கோபி கால்வாய் · 4 ஜூன், காலை 6.15

தம்பி, சலான் எங்கும் போகவில்லை, பதறாதீர்கள். உங்களுக்கு அந்த ஆப்பில் இரண்டு கணக்கு இருக்கிறது.

ஏப்ரலில் நீங்கள் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முகவரியைக் கையால் அடித்து, பாஸ்வேர்டு வைத்துச் சேர்ந்திருப்பீர்கள். புள்ளி இல்லாமல்தான் அடித்திருப்பீர்கள். இப்போது கூகுள் பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பட்டனை அழுத்தினால் முகவரியை ஆப்பிடம் சொல்வது கூகுள், நீங்கள் இல்லை. ஜிமெயில் கணக்கை முதன்முதலில் திறந்தபோது எப்படி எழுதினார்களோ அப்படியே சொல்லும். அன்றைக்கு யாரோ புள்ளி வைத்துத் திறந்திருக்கிறார்கள்.

ஆப்பு பார்ப்பது வெறும் எழுத்தைத்தான். `knool@gmail.com` என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். `k.nool@gmail.com` என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகவில்லை, ஆகவே புது ஆள், புதுக் கணக்கு.

சோதித்துப் பாருங்கள்: வெளியே வாருங்கள், பட்டனைத் தொடாமல் புள்ளி இல்லாமல் கையால் அடியுங்கள், பாஸ்வேர்டு மறந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அதற்கான கடிதம் உங்கள் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும்.

நூல்கண்டு · 4 ஜூன், காலை 7.02

வந்துவிட்டது!! 214ம் இருக்கிறது, கடைசியாகப் போட்ட 40 கிலோ ரிப் துணி சலான் வரைக்கும். அண்ணா, உங்களுக்கு ஒரு டீ கடன்.

புள்ளி வைத்தது யார் என்றும் தெரிந்துவிட்டது. 2011ல் பல்லடம் ரோட்டில் பிரவுசிங் சென்டரில் மாமா பையன்தான் எனக்கு ஜிமெயில் திறந்து கொடுத்தான். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைக்காமல் நம் ஆட்களுக்கு எழுத வருமா, ரேஷன் கார்டு பழக்கம்.

நூல்கண்டு · 4 ஜூன், காலை 7.30

திரும்ப யோசித்தால் கோபம்தான் வருகிறது. ஜிமெயிலே ஒன்றென்று சொல்லும்போது ஆப்பு எழுதியவனுக்கு அது தெரியாதா? புள்ளியை எடுத்துவிட்டு ஒப்பிட எத்தனை நேரம் ஆகும்? இது சோம்பேறித்தனம்தானே?

பவானி ஜமக்காளம் · 4 ஜூன், காலை 9.48

ஜிமெயிலுக்கு ஒன்றுதான் என்பதையே நான் நம்பவில்லை. எனக்கு இரண்டு வருடமாக வேறொரு பெண்ணின் கடிதம் வருகிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் இருந்து "உங்கள் மகனின் இரண்டாம் பருவக் கட்டணம்" என்று. எனக்கு மகனே கிடையாது. என் முகவரியில் புள்ளி இல்லை, அவர்கள் அனுப்புவதில் நடுவில் புள்ளி இருக்கிறது. புள்ளி வைத்த முகவரி அந்தப் பெண்ணுடையது, கூகுள்தான் குழப்பி எனக்குத் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். பெயர் ஒன்று, இனிஷியலும் ஒன்று, இங்கே அது சகஜம்தானே.

கோபி கால்வாய் · 4 ஜூன், மதியம் 1.10

அக்கா, நீங்கள் பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. புள்ளி வைத்த வடிவம் எத்தனை இருந்தாலும் அத்தனையும் உங்களுடையதுதான். நீங்கள் பெயர் எடுத்த பிறகு அதில் புள்ளி மட்டும் மாற்றி வேறு யாராலும் ஜிமெயில் வாங்க முடியாது, "இந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது" என்று சொல்லிவிடும். அந்தப் பெண்ணின் முகவரியில் கடைசியில் ஒரு எண்ணோ கூட ஒரு எழுத்தோ இருந்திருக்கும். பள்ளிப் படிவத்தில் எழுதும்போது அதை விட்டுவிட்டார், இல்லை அலுவலகத்தில் ஏற்றியவர் விட்டுவிட்டார். தப்பான முகவரி எழுதப்பட்டிருக்கிறது, அது தற்செயலாக உங்கள் முகவரியாக இருக்கிறது.

பார்க்க வேண்டுமானால் கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் 'Show original' என்பதை அழுத்துங்கள். `To:` என்ற வரியில் அவர்கள் எழுதியபடி புள்ளியோடு இருக்கும். `Delivered-To:` என்ற வரியில் உங்கள் கணக்கின் முகவரி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

நூல்கண்டு தம்பிக்கு: சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. @ குறிக்கு முன்னால் இருப்பதற்கு என்ன பொருள் என்று சொல்லும் உரிமை அந்தக் கடிதத்தை வாங்கும் சர்வருக்கு மட்டும்தான். இது அஞ்சல் நெறிமுறையிலேயே இருக்கிறது, 2008ல் வந்த ஆர்எஃப்சி 5321. அனுப்புகிறவரும் நடுவில் கொண்டுபோகிறவரும் அதைத் தொடவே கூடாது. புள்ளியைக் கணக்கில் எடுக்காதது ஜிமெயில் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். அவுட்லுக் டாட் காமில் புள்ளி இருந்தால் வேறு முகவரி. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அதே கூகுளிடம் உங்கள் கம்பெனி பெயரில் டொமைன் வைத்து அஞ்சல் வாங்கினால் அங்கே புள்ளி கணக்கில் வரும். ஒரே கூகுள், gmail.com என்று முடிந்தால் ஒரு சட்டம், கம்பெனி பெயரில் முடிந்தால் இன்னொரு சட்டம்.

பொள்ளாச்சி இளநீர் · 4 ஜூன், மாலை 5.33

நான் ஆப்பு எழுதுகிற சாதியில் ஒருத்தன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை. 😅

அந்த ஆப்புக்காரர் புள்ளியை எடுக்கவில்லை என்று திட்டுகிறீர்கள். நான் எடுத்தேன், எடுத்து அடி வாங்கினேன். போன வருடம் ஒரு இளநீர், தேங்காய் ஆர்டர் எடுக்கும் ஆப். புதிதாகச் சேர்ந்தால் 100 ரூபாய் கூப்பன். ஒரு வாரத்தில் பார்த்தால் ஒரே ஆள் `+1`, `+2`, `+3` என்று பிளஸ் போட்டுப் போட்டு 17 கணக்கு திறந்து வைத்திருக்கிறார். @ குறிக்கு முன்னால் பிளஸ் போட்டு என்ன எழுதினாலும் ஜிமெயில் கண்டுகொள்ளாது, எல்லாக் கடிதமும் ஒரே இன்பாக்ஸுக்குப் போகும் இல்லையா, ஓடிபி எல்லாம் கச்சிதமாகப் போடுகிறார். அவர் பிளஸில் நின்றார், புள்ளிக்கும் போயிருந்தால் கணக்கே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் எல்லா முகவரியிலும் புள்ளியை எடு, பிளஸுக்குப் பின்னால் வெட்டு, அப்படியே சேமி என்று எழுதிவிட்டேன். எல்லா டொமைனுக்கும்.

இரண்டு வாரத்தில் உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் இருந்து போன். `s.mani@example.com` என்று ஒருவர், `smani@example.com` என்று இன்னொருவர் (டொமைன் அது இல்லை). புள்ளி வைத்தவர் கேன்டீன், வைக்காதவர் ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸ்காரர் முதலில் சேர்ந்திருக்கிறார், பிறகு கேன்டீன்காரர் சேர வந்திருக்கிறார். கேன்டீன்காரருக்கு "ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" என்று வந்ததும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். நான்தான் புள்ளியை வெட்டிச் சேமித்திருக்கிறேனே, `smani` என்பவருக்கு லிங்க் போய்விட்டது. கேட்டவர் ஒருவர், வந்தது இன்னொருவருக்கு. நல்லவேளை இருவரும் ஒரே மில், சிரித்துவிட்டு விட்டார்கள்.

நூல்கண்டு · 4 ஜூன், மாலை 6.10

சரி, காலையில் சொன்ன 'சோம்பேறித்தனம்' வாபஸ். 17 கணக்குக்காரர் திருப்பூர்க்காரராகத்தான் இருப்பார்.

கோபி கால்வாய் · 4 ஜூன், இரவு 9.20

இளநீர் தம்பி செய்ததில் இரண்டு தவறு, ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒன்று, தெரியாத டொமைனுக்கும் ஜிமெயில் சட்டத்தை ஓட்டியது. இரண்டு, வெட்டிய முகவரியையே கடிதம் அனுப்பவும் வைத்துக்கொண்டது. நான் ஒரு கல்லூரியில் அஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிக் கொடுத்தது இதுதான்: அவர் எழுதியதை எழுதியபடியே ஒரு பத்தியில் வை, கடிதம் அதற்குத்தான் போக வேண்டும். ஒரே ஆள்தானா என்று பார்க்க மட்டும் தனியாக ஒரு பத்தி வைத்து அதில் மாற்றிய வடிவத்தை வை.

```python
def saavi(mugavari):
    peyar, idam = mugavari.strip().rsplit("@", 1)
    idam = idam.lower()
    if idam in ("gmail.com", "googlemail.com"):
        peyar = peyar.split("+", 1)[0]
        peyar = peyar.replace(".", "").lower()
        idam = "gmail.com"
    return peyar + "@" + idam
```

ஜிமெயிலுக்கு மட்டும் கை வைக்கிறோம், googlemail.com என்பதும் அதே பெட்டிதான். மற்றதில் @ குறிக்கு முன்னால் இருப்பதைத் தொடவில்லை. மில் கணக்கு இதில் தனித்தனியாக நிற்கும்.

பொள்ளாச்சி இளநீர் · 4 ஜூன், இரவு 9.41

இதை இப்போது போட்டால் பழைய கணக்கில் இடிக்குமே அண்ணா? ஏற்கெனவே புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் இரண்டு கணக்கு வைத்திருப்பவரை, நூல்கண்டு அண்ணனைப் போல, தானாகவே ஒன்றாக்கிவிடலாமா?

கோபி கால்வாய் · 4 ஜூன், இரவு 10.05

தானாகவே செய்யாதீர்கள். அதில் ஒன்று ஓடிபி போட்டு உறுதி செய்யாத கணக்காக இருந்தால்? பவானி அக்காவின் முகவரியில் புள்ளி மாற்றி எவனோ கணக்கு திறந்து பாஸ்வேர்டு வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். நீங்கள் ஒன்றாக்கும் நாளில் அவனுடைய பாஸ்வேர்டு அக்காவின் கணக்கையும் திறக்கும்.

பவானி ஜமக்காளம் · 5 ஜூன், காலை 8.20

என்னை ஏன் இழுக்கிறீர்கள் 😄 ஆனால் Show original பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. To வரியில் புள்ளியோடு, Delivered-To வரியில் என்னுடையது. பள்ளிக்குப் பதில் எழுதிவிட்டேன், பதில் இல்லை. அந்தக் கட்டணத்தை நானே கட்டிவிட்டால் நிறுத்துவார்களோ என்னவோ.

கோபி கால்வாய் · 5 ஜூன், காலை 8.55

விளையாட்டுக்குக்கூடக் கட்டிவிடாதீர்கள். 2018ல் ஒருவர் இதைப் பற்றித்தான் எழுதி உலகம் முழுக்கப் பேசினார்கள். படம் பார்க்கும் சேவை ஒன்றில் இருந்து "உங்கள் கார்டில் பணம் எடுக்க முடியவில்லை, புது கார்டு விவரம் கொடுங்கள்" என்று கடிதம். உண்மையாகவே அந்தச் சேவையில் இருந்து வந்த கடிதம், போலி இல்லை. அவரும் அந்தச் சேவையின் வாடிக்கையாளர்தான். கார்டு எண்ணைப் போடப் போகும்போதுதான் கவனித்திருக்கிறார், திரையில் காட்டும் பழைய கார்டின் கடைசி எண்கள் தன்னுடையது இல்லை. வேறு யாரோ அவருடைய ஜிமெயிலில் புள்ளியை மாற்றிக் கணக்கு திறந்திருக்கிறார்கள். சேவைக்கு அது வேறு ஆள், ஜிமெயிலுக்கு அதே ஆள். கார்டைப் போட்டிருந்தால் அந்த யாரோ படம் பார்க்க இவர் மாதாமாதம் கட்டியிருப்பார். அக்கா, பணம் கேட்டு வரும் கடிதத்தில் To வரியில் புள்ளி எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள், போதும்.

மஞ்சள் மண்டி · 5 ஜூன், காலை 11.30

எங்கள் மண்டி வெப்சைட் பெயரிலும் நடுவில் புள்ளி வைக்கலாமா? கூகுள் கண்டுகொள்ளாது என்கிறீர்களே.

நூல்கண்டு · 5 ஜூன், காலை 11.52

அது வேறுங்க அண்ணா. @ குறிக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை எடுத்தால் ஊரே மாறிவிடும். முன்னால் இருப்பதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நூல்கண்டு · 6 ஜூன், இரவு 11.15

சனிக்கிழமைக் கணக்கு கொடுத்தாயிற்று. இப்போது இரண்டு கணக்கையும் ஒன்றாக்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கூகுள் பட்டனை அழுத்தினால் 214 சலான் இருக்கும் பழைய கணக்கு திறக்க வேண்டும். தம்பியும் யூனிட்டில் இதே பட்டனைத்தான் அழுத்துகிறான், அவனுக்குப் பாஸ்வேர்டு எல்லாம் நினைவில் நிற்காது.

பழைய கணக்கில் போய் முகவரியைப் புள்ளியோடு மாற்றப் பார்த்தேன். "இந்த முகவரியை வேறொருவர் பயன்படுத்துகிறார்." அந்த வேறொருவரும் நான்தான். காலிக் கணக்கை அழிக்கலாம் என்று போனால், அழித்த பிறகு 30 நாள் வைத்திருந்துதான் நீக்குவார்களாம், அதுவரை முகவரி விடுபடாது.

கோபி கால்வாய் · 7 ஜூன், காலை 6.30

அழிக்க வேண்டாம். காலிக் கணக்கின் முகவரியை `k.nool+kaali@gmail.com` என்று மாற்றுங்கள். கடிதம் உங்களுக்கே வரும், புள்ளி வைத்த முகவரி விடுபட்டுவிடும். அந்த ஆப்பு பிளஸை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும், பாதிப் படிவங்கள் பிளஸைப் பார்த்ததும் 'தவறான முகவரி' என்று துப்பிவிடும்.

நூல்கண்டு · 7 ஜூன், காலை 7.45

ஏற்றுக்கொண்டது. உறுதி செய்யும் லிங்க் வந்தது. அழுத்தினால் "`k.nool kaali@gmail.com` என்ற கணக்கு இல்லை" என்கிறது. பிளஸைக் காணோம், நடுவில் இடைவெளி. நான் இடைவெளி விட்டு எழுதவே இல்லை, சத்தியமாக.

பொள்ளாச்சி இளநீர் · 7 ஜூன், காலை 8.02

இது எனக்குத் தெரியும்! லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற பிளஸை சர்வர் இடைவெளி என்று படிக்கும், படிவத்தில் இருந்து வரும் தகவலுக்கு அப்படி ஒரு பழைய வழக்கம். பிளஸாகவே போக வேண்டுமென்றால் `%2B` என்று எழுத வேண்டும். கடிதத்தை அனுப்பியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். லிங்க்கை அழுத்தாமல் நகலெடுத்து, பிரவுசரில் ஒட்டி, பிளஸ் இருக்கும் இடத்தில் `%2B` அடித்து, பிறகு என்டர்.

```
...?email=k.nool+kaali@gmail.com
...?email=k.nool%2Bkaali@gmail.com
```

மேலே இருப்பது வந்தது, கீழே இருப்பது நீங்கள் அடிக்க வேண்டியது. பிளஸ் போட்டுச் சேர்ந்த சில இடங்களில் "இனி கடிதம் வேண்டாம்" என்று எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது, பெரும்பாலும் இதே கூத்தாகத்தான் இருக்கும்.

நூல்கண்டு · 7 ஜூன், காலை 8.31

ஆனது. போன் திரையில் அந்தப் பிளஸைப் பிடித்து வெட்டுவதற்கு ஊசியில் நூல் கோர்த்த மாதிரி இருந்தது, மூன்றாவது முறைதான் கைக்கு வந்தது.

நூல்கண்டு · 7 ஜூன், காலை 9.20

பழைய கணக்கின் முகவரியையும் புள்ளியோடு மாற்றிவிட்டேன், ஏற்றுக்கொண்டது. ஜெயித்துவிட்டேன் என்று கூகுள் பட்டனை அழுத்தினால்... மறுபடியும் காலிக் கணக்கே திறக்கிறது. இப்போது அதன் முகவரி `+kaali`. கூகுள் சொல்வது `k.nool@gmail.com`. எழுத்து ஒத்துப் போகவே இல்லை, பிறகு எப்படி? எழுத்தைத்தான் பார்க்கும் என்று முதல் நாள் சொன்னீர்களே அண்ணா.

கோபி கால்வாய் · 7 ஜூன், மதியம் 12.40

என் தவறு, நான் பாதிதான் சொன்னேன். முதல் முறை பட்டனை அழுத்தும்போது எழுத்தைப் பார்க்கிறது. அப்போதே கூகுள் முகவரியோடு இன்னொன்றும் கொடுக்கும், `sub` என்று ஒரு நீண்ட எண். முகவரி மாறினாலும் அது மாறாது. ஆளை அடையாளம் காண முகவரியை நம்பாதே, அந்த எண்ணை வைத்துக்கொள் என்று கூகுளே சொல்கிறது. உங்கள் ஆப்பு அதைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த எண் காலிக் கணக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி நீங்கள் முகவரியை எப்படி மாற்றினாலும் பட்டன் அங்கேதான் கொண்டுபோகும்.

காலிக் கணக்கின் அமைப்புகளில் 'கூகுள் இணைப்பைத் துண்டி' என்பது போல ஏதாவது இருக்கிறதா?

நூல்கண்டு · 7 ஜூன், மதியம் 1.15

இருக்கிறது, ஆனால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. அழுத்த வரவில்லை.

பொள்ளாச்சி இளநீர் · 7 ஜூன், மதியம் 1.22

அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது இல்லையா, கூகுளையும் வெட்டினால் உள்ளே வர வழியே இருக்காது, அதனால் விடாது. முதலில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" கொடுத்து ஒன்று வையுங்கள்.

நூல்கண்டு · 7 ஜூன், மாலை 4.50

முடிந்தது. நடந்த வரிசையை எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடும். காலிக் கணக்குக்குப் பாஸ்வேர்டு வைத்தேன், பட்டன் உயிர் பெற்றது, துண்டித்தேன். வெளியே வந்தேன். பழைய கணக்குக்குள் பாஸ்வேர்டு போட்டு நுழைந்து, அங்கிருந்து 'கூகுளோடு இணை' கொடுத்தேன். வெளியே வந்து பட்டனை அழுத்தினேன், 214. இல்லை, 219, இடையில் ஐந்து போட்டுவிட்டேன். தம்பி போனிலும் திறக்கிறது.

உதவி எண்ணில் இதற்கு முன்பே இரண்டு முறை பேசிவிட்டேன், "ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள் சார்" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. இரண்டு கணக்கு இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொள்ளாச்சி இளநீர் · 7 ஜூன், மாலை 5.30

என் பக்கம் இன்னும் முடியவில்லை. அண்ணன் எழுதியதைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தேன், சாவி இடிக்கிற கணக்கு 31 ஜோடி இருக்கிறது. கூப்பன்காரரைக் கழித்தாலும் மீதிப் பேர் நல்லவர்கள். இருவரில் யாரை வைத்துக்கொள்வது? கடைசியாக ஆர்டர் போட்டதையா, முதலில் திறந்ததையா? இப்போதைக்குப் புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் தடை வைத்திருக்கிறேன், பழையவர்கள் அப்படியே இருக்கட்டும்.

கோபி கால்வாய் · 7 ஜூன், இரவு 8.10

நானாக இருந்தால் இரண்டு கணக்குக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டு, இரண்டையும் திறந்து காட்டுகிறவருக்கு மட்டும் ஒன்றாக்கிக் கொடுப்பேன். கூப்பனுக்காக மட்டும் என்றால் முகவரியோடு மல்லுக்கட்டுவதே வீண். டெலிவரி போகும் வீட்டையும் போன் எண்ணையும் பாருங்கள். 17 பேருக்கும் ஒரே வாசலில் இளநீர் இறங்கியிருக்கும்.

பொள்ளாச்சி இளநீர் · 7 ஜூன், இரவு 8.25

ஒரே வாசல்தான். மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொல்லி 17 குறிப்பு.

பவானி ஜமக்காளம் · 9 ஜூன், காலை 10.05

பள்ளியில் இருந்து பதில் வந்தது: "தங்கள் மகனின் முகவரியைத் திருத்த நேரில் வரவும்."

நூல்கண்டு · 12 ஜூன், இரவு 9.30

விசிட்டிங் கார்டு தீர்ந்துவிட்டது. இந்த முறை புள்ளி வைத்தே அடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், கூகுள் சொல்வதும் கார்டில் இருப்பதும் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று. இன்றைக்கு 500 கார்டு வந்தது. K க்குப் பின்னால் புள்ளிக்குப் பதில் கமா.

கோபி கால்வாய் · 12 ஜூன், இரவு 9.48

கமாவை எந்த சர்வரும் கண்டுகொள்ளாமல் விடாது தம்பி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.